பத்து முறை விழ வேண்டிய கடம்

விருதுநகரில் கிளம்பி அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி என்று கரிசலையும் கருவேலங்காட்டையும் கடந்து போகிற ரயில் பாதை மானாமதுரையில் போய்ச் சேர்கிறது. கண்மாய் மண்ணைப் பிசைந்து, தட்டித் தட்டிக் கனமாக்கி, அங்கே செய்கிற கடத்துக்குக் கச்சேரி மேடைகளில் தனி மதிப்பு. அவ்வூர் மண்பாண்டங்களுக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. வித்வானின் விரலடியைப் பல வருஷம் தாங்குகிற அந்தப் பானை, வெளியூருக்கோ வெளிநாட்டுக்கோ பார்சலில் போகும்போது ஒரே விழுகையில் விரிந்துவிடலாம். விரல் தட்டுவது வேறு, சிமெண்டுத் தரை தட்டுவது வேறு.

5 கிலோ எடையுள்ள ஒரு கடத்தை அருப்புக்கோட்டையிலிருந்து ஒருவர் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெட்டியும் பொதிவும் சேர்ந்து 7 கிலோ வரும். 10 கிலோவுக்குள் இருக்கும் பார்சலை 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போட்டுப் பார்க்க வேண்டும் என்கிறது, அமெரிக்காவைச் சேர்ந்த சர்வதேசப் பாதுகாப்பான போக்குவரத்துச் சங்கத்தின் 1ஏ என்ற சோதனை முறை. பார்சல் கனக்கக் கனக்க உயரம் குறையும். லேசான பெட்டியை ஒருவரே தூக்கிப் போடுவார். கனமான பெட்டியை அவ்வளவு உயரம் தூக்க யாருக்கும் தெம்பில்லை என்பதுதான் காரணம்.

76 சென்டிமீட்டர் என்பது இடுப்புக்குக் கொஞ்சம் கீழே. அங்கிருந்து விழும் பெட்டி மணிக்கு ஏறக்குறைய 14 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடுகிறது. பயப்படுகிற வேகம் இல்லை. ஆனால் அந்த வேகம் எவ்வளவு தூரத்துக்குள் நிற்கிறது என்பதில்தான் பானையின் தலையெழுத்து இருக்கிறது. வெறும் அட்டை மட்டும் 5 மில்லிமீட்டர் நசுங்கி நிறுத்தினால், பானை மீது அதன் எடையைப்போல் சராசரியாக 150 மடங்கு விசை விழும். 25 மில்லிமீட்டர் அமுங்கி நிறுத்தினால் 30 மடங்கு. சராசரி இது, உச்சத்தில் இன்னும் அதிகம். ஆக, பொதிவின் வேலை பானையை இறுக்கிப் பிடிப்பது அல்ல, அமுங்கிக் கொடுப்பது. அமுங்க இடமில்லாமல் இறுகத் திணித்த பெட்டியும், அமுங்கி முடிந்து அடித்தரை தட்டுகிற பஞ்சு மெத்தையும் ஒரே தப்பைத்தான் செய்கின்றன.

கடத்துக்கு இன்னொரு சங்கடம் அதன் வயிறு. உருண்டை அடி தட்டையான ஃபோம் மேல் உட்கார்ந்தால் உள்ளங்கையளவு இடத்தில்தான் படும். 5 கிலோவும் அந்த இடத்தில் இறங்கி, ஃபோமை அங்கே மட்டும் நசுக்கித் தரையைத் தொட்டுவிடும். இதற்கு நம் வீடுகளில் பழைய மருந்து உண்டு: பிரிமணை. பானை உருளாமலிருக்க மட்டுமல்ல, எடையை ஒரு வட்டம் முழுக்கப் பரப்பவும் அது உதவுகிறது. துணியையோ தாளையோ கெட்டியாக முறுக்கி, பானையின் அடிவயிறு பதியும் அளவில் பிரிமணை செய்து உள்பெட்டியின் அடியில் வைக்க வேண்டும். கழுத்தைச் சுற்றி இன்னொன்று. வாய் விளிம்பு எங்கும் தொடக்கூடாது. பானையிலேயே பலவீனமான இடம் அது. உள்ளே கசக்கிய தாளை லேசாக நிரப்பலாம், அடைக்கக்கூடாது. இந்த உள்பெட்டிக்கும் ஐந்து பிளை வெளிப்பெட்டிக்கும் நடுவே ஆறு பக்கமும் 5 சென்டிமீட்டர் ஃபோம் இருந்தால்தான் மேலே சொன்ன 25 மில்லிமீட்டர் அமுக்கம் கிடைக்கும்.

அந்தக் காலத்தில் மாட்டுவண்டியில் பானை ஏற்றியவர்கள் வைக்கோலை நம்பினார்கள். நல்ல பொருள்தான். ஆனால் குலுங்கக் குலுங்க அது அடங்கிப்போகும். தாவர நோய்க்குப் பயந்து பல நாடுகள் அதை உள்ளே விடுவதுமில்லை. தெர்மோகோல் முதல் அடியை அழகாக வாங்கும், நசுங்கினால் திரும்ப எழாது. இரண்டாவது அடிக்கு அங்கே ஆளில்லை. நசுங்கியும் நிமிர்கிற வெள்ளை ஃபோம் இதற்குத் தேவலை.

சோதனைக்கு நல்ல கடத்தைப் பலியிட வேண்டாம். சுருதி சேராமல் ஒதுக்கிய பானையே போதும். எடையும் வடிவும் ஒன்றுதான். பொதிவதற்கு முன் அதைப் பிரிமணையில் உட்காரவைத்து, கழுத்து, வயிறு, அடி என மூன்று இடத்திலும் சுண்டி, அந்த ஓசையைச் செல்போனில் பதிந்துகொள்ள வேண்டும்.

முதலில் குலுக்கல். ஆய்வுக்கூடத்தில் அதிரும் மேடை இருக்கும். நமக்குக் குட்டியானை வண்டி இருக்கிறது. பெட்டியைக் காலி வண்டியின் பின்கோடியில் வைத்துத் திருச்சுழி வரை போய்த் திரும்பினால் ஓரளவு ஈடாகும். சுமையில்லாத வண்டிதான் அதிகம் தூக்கிப்போடும். பொதிவு அடங்கி, பானை ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அது அடுத்த கட்டத்தில் வெளிப்படும்.

அடுத்தது விழுகை. ஒரு மூலை, அதில் சேரும் மூன்று விளிம்புகள், பிறகு ஆறு முகங்கள் என மொத்தம் பத்து. பெட்டியின் குறுகிய முகத்தை, அட்டையை ஒட்டிய இணைப்பு வலக்கைப் பக்கம் வரும்படி உங்களைப் பார்க்க வையுங்கள். கீழே வலது மூலைதான் முதலில் தரையில் படவேண்டியது. பெட்டியின் மிக நொய்ந்த இடம் எதுவென்று தெரியாதபோது அந்த மூலையைத்தான் எடுக்கச் சொல்கிறார்கள். தரை கெட்டியான சிமெண்டாக இருக்க வேண்டும், மண்தரை ஏமாற்றும். உயரத்தைப் பெட்டியின் மிகக் கீழான புள்ளியிலிருந்து அளக்க வேண்டும். மேசையிலிருந்து தள்ளினால் பெட்டி சுழன்று விழும். கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுக் கயிற்றை அறுப்பது மேல். செல்போனில் மெதுவோட்டப் படம் எடுத்தால் நேராக விழுந்ததா என்று தெரியும்.

மூலையில் விழுவதுதான் பானைக்குப் பொல்லாதது என்று பலரும் நினைக்கிறார்கள். மூலை அடி பெட்டியைத்தான் அதிகம் சிதைக்கும். அட்டை நசுங்கும்போதே விசையில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. தட்டையாக விழும்போது ஒரு முகம் முழுவதும் ஒரே நொடியில் நின்றுபோகிறது. அட்டைக்கு நசுங்க இடமில்லை. உள்ளே இருக்கும் பொருளுக்கு அநேகமாக அதுதான் பெரிய அடி. வெளியே பெட்டி பளிச்சென்று இருக்க, உள்ளே பானை இரண்டாகக் கிடப்பது இப்படித்தான்.

பத்தும் முடிந்ததும் அவசரப்பட்டுப் பிரிக்கக்கூடாது. மேல்மூடியை மட்டும் அறுத்து, உள்பெட்டிக்கும் வெளிப்பெட்டியின் நான்கு பக்கச் சுவருக்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். ஒரு பக்கம் 5 சென்டிமீட்டர் 2 ஆகியிருந்தால், பானை உடையாவிட்டாலும் பொதிவு தோற்றுவிட்டது. பிறகு அதே பிரிமணை, அதே மூன்று இடம், அதே சுண்டல். ஓசை செத்திருந்தால் கண்ணுக்குப் படாத விரிசல் இருக்கிறது. ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டால் விரிசலில் ஊறிய நீர் கடைசியாகத்தான் உலரும். கறுத்த கோடாகக் காட்டிக்கொடுக்கும். கண்ணாடிப் பொருளில் இந்தச் சௌகரியம் கிடையாது. மேற்பரப்பில் விழுந்த மெல்லிய கீறல் எந்த ஓசையும் மாறாமல் இருந்துவிட்டு, பிறகு ஒரு சின்ன அடியில் ஓடி உடையும். கண்ணாடியோடு கண்ணாடி உரசாமல் தடுப்பு வைப்பதே அங்கே முதல் வேலை.

ஒரு பெட்டி தேறினால் போதாது, மண்பானை ஒன்றுபோல் ஒன்று வராது. மூன்று பெட்டியாவது தேறட்டும். பெரிய அளவில் அனுப்புகிறவர்கள், மும்பையில் 1966இல் தொடங்கிய இந்தியப் பேக்கேஜிங் நிறுவனத்தின் சென்னைக் கிளையில் இயந்திரத்தில் சோதித்துக்கொள்ளலாம்.

இதிலெல்லாம் தேறிய பெட்டியும் அருப்புக்கோட்டைக் காற்றில்தான் தேறியிருக்கிறது. வறண்ட காற்றில் அட்டை விறைப்பாக நிற்கும். தூத்துக்குடித் துறைமுகத்திலோ மழைக்காலச் சென்னைக் கிடங்கிலோ ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தொட்டால், மேலே அடுக்கிய சுமையைத் தாங்கும் அட்டையின் வலு ஏறக்குறைய பாதியாகிவிடும். கப்பலில் போகும் சரக்குக்கு, பெட்டியை ஓர் இரவு முழுக்க ஈரச்சாக்குகள் தொங்கும் அடைத்த அறையில் வைத்துவிட்டு, காலையில் அதன் மேல் எடை ஏற்றிப் பார்க்க வேண்டும். பக்கவாட்டு அட்டை பிதுங்கினால் ஏழு பிளைக்கு மாறியாக வேண்டும்.