கு. மலர்விழி எப்படி செ. மலர்விழி ஆகிறார்?

வங்கிக் கணக்கில் நம் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பாஸ்புக்கின் முதல் பக்கத்தைத்தான் காட்டுவோம். அது வெறும் அச்சுப்பிரதி. கணினிமயமான வங்கியில் பெயர் கணக்கோடு ஒட்டிக்கொண்டிருப்பதில்லை, கணக்கு வைத்திருக்கும் ஆளோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஓர் அடையாள எண்ணும் அதன்கீழ் ஒரு பதிவும் உண்டு. பெயர், பிறந்த தேதி, பான் எண், மாதிரிக் கையெழுத்து எல்லாம் அந்தப் பதிவில் கிடக்கின்றன. சேமிப்புக் கணக்கு, வைப்புத்தொகை, நகைக்கடன், லாக்கர் எல்லாம் அதில் தொங்கும் கிளைகள். அதனால் ஒரு வங்கியில் பெயரை ஒரு முறை மாற்றினால் போதும், அங்குள்ள எல்லாக் கணக்குகளிலும் அது மாறிவிடும். கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி குறியீடும் அப்படியே இருக்கும். "பழைய கணக்கு கிடக்கட்டும், புதுப் பெயரில் இன்னொன்று திறந்துவிடலாம்" என்ற குறுக்குவழி சரிப்படாததற்கும் இதுவே காரணம். ஒரே பான் எண்ணோடு இரண்டு பெயர்களில் ஒருவர் வந்து நின்றால் வங்கிக்கு அது ஒரே ஆளா, இரண்டு ஆளா என்ற குழப்பம்தான் மிஞ்சும். ஒருவருக்கு ஒரே அடையாள எண் என்பதே ரிசர்வ் வங்கி வகுத்த விதி.

வங்கி நம்மிடம் கேட்பது "இப்போது உங்கள் பெயர் என்ன?" என்பதை அல்ல. "அன்றைக்கு அந்தப் பெயரில் கணக்குத் திறந்தவரும் இன்றைக்கு இந்தப் பெயரில் வந்து நிற்பவரும் ஒருவர்தானா?" என்பதே அதன் கேள்வி. பலர் முதல் கேள்விக்கு உரிய பதிலை எடுத்துக்கொண்டு கிளைக்குப் போய்விட்டு, அலைக்கழிக்கிறார்கள் என்று நொந்துகொள்கிறார்கள். புதுப் பெயர் அச்சிட்ட பத்து அட்டைகள் இருந்தாலும் இரண்டாவது கேள்விக்கு அவை பதில் சொல்லா. பழைய பெயரையும் புதிய பெயரையும் இணைக்கும் ஒரு தாள் வேண்டும். அது எது என்பதை ரிசர்வ் வங்கியின் வாடிக்கையாளர் அறிதல் நெறிமுறை தெளிவாகவே சொல்கிறது. அடையாள ஆவணம் வழங்கப்பட்ட பிறகு பெயர் மாறியிருந்தாலும், மாநில அரசு வழங்கிய திருமணச் சான்றோ அரசிதழ் அறிவிப்போ உடன் இருந்தால் அந்தப் பழைய ஆவணம் செல்லும். இரண்டில் ஒன்று போதும், இரண்டும் தேவையில்லை. நோட்டரி முன் எழுதிய உறுதிமொழிப் பத்திரம் இந்தப் பட்டியலில் இல்லை. சில கிளைகள் கூடுதலாக அதையும் கேட்கும், கொடுத்தால் நட்டமில்லை. ஆனால் அது மட்டும் பாலமாகாது.

திருமணச் சான்று என்றால் பதிவாளர் கொடுப்பது. கோயிலில் தாலி கட்டியதற்கான ரசீதும், மண்டபத்துப் பில்லும், அழைப்பிதழும் பதிவுக்குப் போகும்போது ஆதாரமாக உதவலாம், வங்கிக்கு உதவா. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டம் எல்லா மதத்தவரின் திருமணங்களுக்கும் பதிவைக் கட்டாயமாக்கியிருக்கிறது. திருமணமான 90 நாளுக்குள் பதிய வேண்டும். இந்தச் சான்றில் ஒரு விசித்திரம் உண்டு: மணப்பெண்ணின் பெயர் திருமணத்துக்கு முன் இருந்தபடியே அதில் இருக்கும். இனி அவர் என்ன பெயரில் வழங்கப்படுவார் என்று அது அறிவிப்பதில்லை. இன்னார் மகள் இன்னாரை மணந்தார் என்பதே அது சொல்லும் செய்தி. தந்தை பெயரின் இடத்தில் கணவர் பெயர் வந்திருப்பதை அதிலிருந்து வங்கி ஊகித்துக்கொள்கிறது. எனவே ஊகத்துக்கு இடம் இருக்கிற அளவுக்குத்தான் இந்தச் சான்று வேலை செய்யும். தலைப்பெழுத்தோ பின்பெயரோ மாறினால் சரி. மலர்விழி என்பதே மலர்க்கொடி ஆகிவிட்டால், கல்யாணத்தை வைத்து அதை விளக்க முடியாது. ஊகம் முறிகிற இன்னொரு இடம் எழுத்துக்கூட்டு. நம் ழகரம் ஆங்கிலத்தில் ஒருவர் கையில் ஒரு வடிவம் எடுக்கும். ஆதாரில் MALARVIZHI என்றும் திருமணச் சான்றில் MALARVILI என்றும் இருந்தால் பாலத்தின் ஒரு கால் தரையைத் தொடவில்லை. பதிவாளர் அலுவலக விண்ணப்பத்தை நிரப்பும்போதே ஆதாரைப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்துக்கொள்வது மேல்.

ஊகம் எட்டாத இடத்தில் அரசிதழ் வருகிறது. எண்கணிதம் பார்த்து ஓர் எழுத்தைக் கூட்டியவர், மதம் மாறிப் பெயர் மாற்றிக்கொண்டவர், பிடிக்காத பெயரைத் துறந்தவர் எல்லாருக்கும் வழி அதுதான். தமிழ்நாட்டில் இதை எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறை வெளியிடுகிறது. அறிவிப்பு சில வரிகள்தான்: பழைய பெயர், யாருடைய மகள் அல்லது மகன், பிறந்த தேதி, சொந்த மாவட்டம், முகவரி, இனி இந்தப் பெயரால் அழைக்கப்படுவேன் என்ற அறிவிப்பு. இரண்டு பெயர்களும் ஒரே வாக்கியத்தில் வந்துவிடுகின்றன, கூடவே ஆளை இனங்காட்டும் குறிப்புகளும். ஒரு பாலத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இவ்வளவு மதிக்கப்படும் இந்த இதழிலேயே, பெயர் மாற்ற அறிவிப்புகளுக்கு அரசு சட்டப் பொறுப்பு ஏற்காது, அறிவிப்பவரே பொறுப்பு என்றும் அச்சிட்டிருப்பார்கள். பெயரை மாற்றிக்கொள்வது நாம், ஊருக்குச் சொல்வது மட்டுமே அரசிதழ்.

பாலம் கிடைத்த பிறகு எதை முதலில் மாற்றுவது என்பதில்தான் பெரும்பாலான சிக்கல் பிறக்கிறது. கற்பனையாக ஒருவரை எடுத்துக்கொள்வோம். குமரேசனின் மகள் மலர்விழி, செந்தில்நாதனை மணக்கிறார். ஆதாரிலும் வங்கியிலும் MALARVIZHI K. பான் விண்ணப்பம் தலைப்பெழுத்தை மட்டும் எழுதினால் ஏற்காது என்பதால், பானில் மட்டும் தந்தை பெயர் விரிந்து MALARVIZHI KUMARESAN. கல்யாணத்துக்கு முன்பே இவருக்கு இரண்டு வடிவங்கள் இருந்திருக்கின்றன. மாற்றுவதென்று முடிவெடுத்தால் இந்தப் பழைய ஓட்டையையும் சேர்த்து அடைத்துவிட வேண்டும். MALARVIZHI S என்று ஆதாரில் மாற்றினால் பானோடு மறுபடியும் இடிக்கும். MALARVIZHI SENTHILNATHAN என்று முழுதாக விரித்து எழுதினால் எல்லா ஆவணத்திலும் ஒரே வடிவம் நிற்கும். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறை மாற்றவே பொது அனுமதி உண்டு என்பதால் சோதனை ஓட்டத்துக்கு அங்கே இடமில்லை. ஆதார் மாறியதும், அதையும் திருமணச் சான்றையும் வைத்துப் பான் திருத்தம். பான் எண் மாறாது, அட்டைதான் மாறும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பான் அட்டையில் தந்தை பெயருக்கான இடம் திருமணத்துக்குப் பிறகும் தந்தைக்கே உரியது. அங்கே கணவர் பெயரை நிரப்பி விண்ணப்பத்தைக் கெடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. இரண்டும் கைக்கு வந்ததும் வங்கி.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். பழைய ஆதாரும் திருமணச் சான்றுமே போதும் என்று விதி சொல்லும்போது, நேரே வங்கிக்குப் போனால் என்ன? போகலாம், விதிப்படி மறுக்கவும் முடியாது. ஆனால் வங்கிக் கணக்கு தனித்தீவு அல்ல. வருமான வரித் திரும்பத்தொகை வர வேண்டுமென்றால், வரித்துறைத் தளத்தில் வங்கிக் கணக்கை முன்கூட்டியே சரிபார்த்திருக்க வேண்டும். அந்தச் சரிபார்ப்பு பானில் உள்ள பெயரையும் வங்கியில் உள்ள பெயரையும் ஒப்பிடுகிறது. வங்கியில் SENTHILNATHAN, பானில் KUMARESAN என்றால் சரிபார்ப்பு தோற்று, பணம் நின்றுவிடும். பான் முந்தி வங்கி பிந்தினாலும் இதே கதைதானே என்று கேட்கலாம். ஆம், அதுவும் உண்மை. இரண்டும் ஒரே நிமிடத்தில் மாறப்போவதில்லை, இடைவெளி ஒன்று இருந்தே தீரும். அதன் நீளத்தில்தான் வேறுபாடு. ஆதாரும் பானும் பல நாள் எடுக்கும், நிராகரிக்கப்பட்டுத் திரும்பவும் கூடும். வங்கி மாற்றம் தாள்கள் சரியாக இருந்தால் விரைவில் முடியும். விரைவாக முடிவதைக் கடைசியில் வைத்தால் இடைவெளி சுருங்கும். திரும்பத்தொகையோ வைப்புநிதிப் பணமோ வரவேண்டியிருக்கும் மாதத்தில் இந்த வேலையையே தொடங்காமல் இருப்பது அதைவிடப் புத்திசாலித்தனம்.

இன்னொரு மறுப்பு இதைவிட ஆழமானது: மாற்றத்தான் வேண்டுமா? இந்தியாவில் எந்தச் சட்டமும் மணமான பெண்ணைப் பெயர் மாற்றச் சொல்லவில்லை. கு. மலர்விழியாகவே இருந்து வங்கியில் முகவரியையும் நியமனதாரரையும் மட்டும் மாற்றிக்கொண்டால் எதுவும் செல்லாமல் போய்விடாது. "கல்யாணம் ஆகிவிட்டதே, அக்கவுண்டில் பேர் மாத்தியாச்சா?" என்பது உறவினர்கள் கேட்கும் கேள்வி, வங்கி கேட்பதல்ல. படிப்புச் சான்றிதழ்கள் எப்படியும் பழைய பெயரில்தான் இருக்கும் என்பதால் என் சாய்வு மாற்றாமல் விடுவதன் பக்கமே. கூடாதது ஒன்றுதான்: பாதி மாற்றம். ஆதாரில் கணவர் பெயர், வங்கியில் தந்தை பெயர் என்று ஆண்டுக்கணக்கில் விட்டுவைப்பது. வங்கிக்குக் கொடுத்த ஆவணத்தில் மாற்றம் வந்தால் 30 நாளுக்குள் வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது வாடிக்கையாளர் மீதுள்ள கடமை. தவிர, 2025 ஏப்ரலுக்குள் நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் வழியே பணம் அனுப்புகிறவருக்குப் பெறுபவரின் பெயரைக் காட்டும் வசதியைத் தரும்படி ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் உத்தரவிட்டது. திரையில் வேறு பெயர் தெரிந்தால் அனுப்புகிறவர் கை நிற்கும்.

கிளையில் நடப்பது சுருக்கமானதுதான். கணக்கு உள்ள கிளைக்கு நேரில் போய், பெயர் மாற்ற விண்ணப்பத்தோடு திருமணச் சான்று அல்லது அரசிதழ், ஆதார், பான் ஆகியவற்றின் கையொப்பமிட்ட நகல்களைக் கொடுத்து மூலங்களைக் காட்ட வேண்டும். கூடவே பாஸ்புக், ஒரு புகைப்படம். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கிக்கொள்வது அவசியம். திருமணச் சான்று இருக்கும்போதே அரசிதழும் வேண்டும் என்று கிளை பிடிவாதம் பிடித்தால் எழுத்தில் புகார் கொடுக்கலாம். 30 நாளில் பதில் வராவிட்டால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். பெயர் மாறியதும் ஏடிஎம் அட்டையும் செக் புக்கும் தாமாக மாறிவிடா, தனியே கேட்க வேண்டும்.

எல்லாரும் மறப்பது கையெழுத்து. கு. என்று தொடங்கிய கையெழுத்து செ. என்று மாறினால் வங்கியில் மாதிரிக் கையெழுத்தும் புதிதாகப் பதிவாகிறது. அந்த நொடியிலிருந்து, ஏற்கெனவே பழைய கையெழுத்தில் எழுதிக் கொடுத்த, பின்தேதியிட்ட காசோலைகள் எல்லாம் பொருந்தாக் கையெழுத்துகளாகிவிடுகின்றன. கையெழுத்து பொருந்தவில்லை என்று காசோலை திரும்பினாலும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் வழக்குத் தொடரலாம் என்று 2012இல் லக்ஷ்மி டைகெம் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. சீட்டுக்காரருக்கோ வீட்டுக்காரருக்கோ கொடுத்துவைத்த காசோலைகளை முதலில் திரும்ப வாங்கிவிட்டு, அப்புறம் கிளைப் படியேறலாம்.