முள்கரண்டிக்கு எத்தனை முள்?

ஆறு பேர் உட்காரும் சாப்பாட்டு மேசை. வெள்ளை விரிப்பு, நடுவில் ரோஜாக் கொத்து, ஒவ்வொரு நாற்காலிக்கு முன்னாலும் பீங்கான் தட்டு, பக்கத்தில் கிளாஸ், பளபளக்கும் முள்கரண்டியும் கத்தியும். புதிதாகத் திறக்கப்போகும் ஓர் உணவகத்தின் அழைப்பிதழுக்காக, கணினியிடம் நாலு வரி எழுதிக் கொடுத்து வாங்கிய படம் என்று வைத்துக்கொள்வோம். முதல் பார்வைக்கு அப்படியே அச்சுக்கு அனுப்பிவிடலாம் போலிருக்கும்.

இரண்டாவது பார்வையில்தான் வம்பு. இடது ஓரத்தில் இருக்கும் முள்கரண்டி கைப்பிடி வரை ஒழுங்காக வந்து, முனையில் கத்தியாகிவிட்டது. ஒரு தட்டுக்கு மூன்று முள்கரண்டிகள், அடுத்த தட்டுக்கு ஒன்றுகூட இல்லை. இரண்டு ஒயின் கிளாஸ்களுக்கு ஒரே தண்டு. எண்ணிப் பார்த்தால் நாற்காலி ஆறு, தட்டு ஏழு.

செயற்கை நுண்ணறிவால் படம் தயாரிப்பவர்களுக்கு இது பழகிப்போன தலைவலி. மனித முகம், மலை, மேகம் எல்லாம் அழகாக வரும் இடத்தில் ஒரு சாப்பாட்டு மேசை மட்டும் ஏன் இப்படிக் கலைகிறது? மேகம் சற்றுக் கோணினாலும் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். மேசையிலோ எண்ணிக்கை உண்டு, வரிசை உண்டு, ஒவ்வொரு பொருளுக்கும் தெரிந்த வடிவம் உண்டு. தப்பினால் உடனே கண்ணில் குத்தும்.

காரணத்தைப் புரிந்துகொள்ள, 2022 ஆகஸ்டில் பொதுமக்கள் கைக்கு வந்த ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற மாடலை எடுத்துக்கொள்ளலாம். இன்றைய மாடல்கள் அதைவிட எவ்வளவோ தேறிவிட்டன. ஆனால் கோளாறின் வேர் எங்கே என்பது இதில்தான் தெளிவாகத் தெரியும். அதன் முதல் பதிப்புகள் 512 பிக்சல் அகலம், 512 பிக்சல் உயரம் கொண்ட படத்துக்காகப் பயிற்றுவிக்கப்பட்டவை. வேலை நடப்பதோ அந்த அளவில் அல்ல. உள்ளே 64-க்கு 64 கட்டங்கள் கொண்ட சுருக்கமான ஒரு வடிவம் இருக்கிறது. முதலில் அது முழுக்க இரைச்சல், பழைய டிவியில் சிக்னல் போனால் தெரியும் புள்ளிக் கூட்டம் மாதிரி. அந்த இரைச்சலைப் படிப்படியாக அகற்றி, கடைசியில் கட்டங்களைப் பெரிய படமாக விரிப்பார்கள். அப்போது ஒரு கட்டம், அகலத்தில் 8 பிக்சல், உயரத்தில் 8 பிக்சல் கொண்ட சதுரமாகிறது.

இப்போது நம் முள்கரண்டியை அளந்து பார்க்கலாம். மேசையின் நீளம் 180 செ.மீ. என்றும், அது படத்தில் 400 பிக்சல் அகலத்துக்குப் பரவியிருக்கிறது என்றும் கொள்வோம். ஒரு செ.மீ.க்கு இரண்டு பிக்சலுக்குச் சற்று மேல். சாதாரண முள்கரண்டியின் தலை சுமார் இரண்டரை செ.மீ. அகலம், அதாவது ஐந்தாறு பிக்சல். நாலு முள்ளும் அவற்றுக்கு நடுவிலுள்ள மூன்று இடைவெளிகளும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிப்போகின்றன. ஒரு அரிசி மணியில் நாலு வரி எழுதச் சொன்ன கதைதான். முள் எத்தனை என்று மாடல் யோசித்துத் தவறவில்லை. பிரித்துக் காட்ட அதற்கு இடமே இல்லை. பக்கத்துக் கட்டத்தில் கத்தி இருந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்வதும் இதனால்தான்.

பொருள் இரட்டிப்பது வேறு கதை. மனிதர் மேசை அமைக்கும்போது ஒரு தட்டை வைத்துவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்வார். மாடல் அப்படி வரிசையாக வைப்பதில்லை. படத்தின் எல்லா மூலைகளும் ஒரே நேரத்தில் இரைச்சலிலிருந்து தெளிகின்றன. ஒவ்வொரு பகுதியும் ‘இங்கே முள்கரண்டி இருந்தால் பொருந்தும்’ என்று ஏறக்குறைய தனக்குத்தானே முடிவெடுக்கிறது. பகுதிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு உள்ளே உண்டு. ஆனால் ‘மொத்தம் ஆறு, போதும்’ என்று கணக்கு வைக்க ஆள் கிடையாது. 512-க்குப் பழகிய மாடலிடம் 1024 அகலத்துக்குப் படம் கேட்டால் சிக்கல் இன்னும் பெருகும். பழகிய அளவுப் படங்கள் பக்கத்துப் பக்கத்தில் முளைத்தது போல, ஒரே மேசை இரண்டாகத் தெரியும். மனிதரைக் கேட்டால் இரண்டு தலை வந்ததும் இதே காரணத்தால்தான்.

மூன்றாவது காரணம் எழுத்தில் இருக்கிறது. இந்த மாடல்கள் இணையத்திலிருந்து திரட்டிய படங்களையும் அவற்றோடு இருந்த குறிப்புகளையும் பார்த்துக் கற்றவை. விருந்து மேசைப் படத்தின் அடியில் ‘திருமண வரவேற்பு அலங்காரம்’ என்று எழுதுவார்களே தவிர, ‘தட்டுக்கு இடப்பக்கம் முள்கரண்டி ஒன்று, வலப்பக்கம் கத்தி ஒன்று’ என்று யார் எழுதுவார்கள்? இடமும் எண்ணிக்கையும் சொல்லப்படாத குறிப்புகளில் படித்த மாணவனிடம் இடமும் எண்ணிக்கையும் கேட்கிறோம். 2023-இல் வந்த டால்-ஈ 3, விரிவாக எழுதப்பட்ட குறிப்புகளைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டது. சொன்னபடி கேட்பதில் அது முன்னேறியதற்கு அதுவே முக்கியக் காரணம். கண்ணாடிப் பொருளில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. விளிம்பு வரை நிரம்பிய ஒயின் கிளாஸை வரையச் சொன்னால் வெகுகாலம் பாதி நிரம்பிய கிளாஸே வந்துகொண்டிருந்தது. கற்ற படங்களில் யாரும் விளிம்பு வரை ஊற்றியிருக்கவில்லை.

இதையெல்லாம் அறியாதவர் முதலில் செய்வது, ‘இரட்டை முள்கரண்டி வேண்டாம்’ என்று பிராம்ப்டில் சேர்ப்பது. பழைய மாடல்களில் இது எரிகிற நெருப்பில் எண்ணெய். ‘வேண்டாம்’ என்பதை அது சரியாகப் பிடிக்காது, முள்கரண்டி என்ற சொல்லை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். வேண்டாதவற்றை எழுத அந்த மென்பொருள்களில் தனிப் பெட்டியே உண்டு.

உருப்படியான வழி, கேட்பதைக் குறைப்பது. ஆறு பேர் மேசை கட்டாயம் இல்லையென்றால், ஒருவருக்கான இடத்தை மட்டும் நேர் மேலிருந்து பார்ப்பது போல் கேட்கலாம்:

```
overhead photo, one place setting, one white dinner plate,
one fork on the left, one knife on the right,
one water glass, plain white tablecloth
```

இதில் பொருள்கள் பெரிதாக வருகின்றன, ஒன்று மற்றொன்றை மறைப்பதில்லை. மேலிருந்து பார்ப்பதால் சம இடைவெளி சம இடைவெளியாகவே தெரியும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் தூரத்துத் தட்டுகள் நெருங்கித்தான் தெரிய வேண்டும். படத்தில் அளந்து சமமாக இருந்தால் அதுதான் தப்பு.

ஆறு பேர் மேசைதான் வேண்டும் என்றால் இடைவெளியைச் சொல்லால் கேட்பதை விட்டுவிட்டு அளவால் கொடுக்க வேண்டும். 2023-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ல்வ்மின் ஜாங் குழுவினர் வெளியிட்ட கன்ட்ரோல்நெட் இதற்கு வழி செய்தது. பிராம்ப்டோடு ஒரு வழிகாட்டிப் படத்தையும் கொடுத்தால் மாடல் அதன் அமைப்பை ஒட்டியே வரையும். பிளெண்டர் என்ற இலவச முப்பரிமாண மென்பொருளில் 180 செ.மீ. பலகை ஒன்றை வைத்து, வட்டத் தகடு ஒன்றைத் தட்டாகப் பாவித்து, `Array` வசதியில் 60 செ.மீ. தள்ளித் தள்ளி மூன்று வைத்தால் ஒரு பக்கம் முடிந்தது. எதிர்ப்பக்கம் இன்னொரு மூன்று. ஒருவர் முழங்கை இடிக்காமல் சாப்பிட ஏறத்தாழ இந்த 60 செ.மீ. வேண்டும் என்பது விருந்து மேசை அமைப்பவர்களின் வழக்கமான கணக்கு. எத்தனை, எங்கே என்ற இரண்டு கேள்விகளும் இங்கேயே தீர்ந்துவிடுகின்றன. மாடலுக்கு மிச்சமிருப்பது பீங்கானின் மினுக்கும் துணியின் மடிப்பும்தான்.

இங்கே ஒரு கண்ணி உண்டு. அருகே இருப்பது வெளுப்பு, தூரத்தில் இருப்பது கறுப்பு என்று காட்டும் ஆழப் படத்தை வழிகாட்டியாகக் கொடுத்தால், தட்டும் கிளாஸும் நன்றாக நிற்கும், முள்கரண்டி காணாமல் போகும். விரிப்பின் மேல் அது சில மில்லிமீட்டர் உயரம்தான். ஆழப் படத்தில் அந்த வேறுபாடு தெரியாது. கத்தி, கரண்டி வகைகளுக்குக் கோட்டோவியம்தான் வழிகாட்ட வேண்டும்.

அப்புறமும் சிறு பொருள்களில் பிசிறு இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகத் தேய்த்து மறுபடி வரைவிப்பார்கள். முள்கரண்டி இருக்கும் சுமார் 25 செ.மீ. சதுரப் பகுதியை மட்டும் மறைத்து, `Only masked` என்பதைத் தேர்ந்தெடுத்தால், அந்தச் சிறு பகுதி 512 பிக்சலுக்குப் பெரிதாக்கப்பட்டு வரையப்பட்டு, பிறகு பழைய அளவுக்குச் சுருங்கி அதே இடத்தில் உட்காரும். முன்பு ஒரே கட்டத்துக்குள் நெருக்கியடித்த தலைக்கு இப்போது 50 பிக்சல், அகலவாக்கில் ஆறு கட்டங்கள். நாலு முள்ளும் பிரிந்து நிற்க இடம் கிடைத்துவிட்டது. `Denoising strength` என்ற அளவு மிகக் குறைந்தால் பழைய கோணல் அப்படியே தங்கும், மிக ஏறினால் அக்கம்பக்கத்தோடு ஒட்டாது. 0.5 அருகில் தொடங்கி ஏற்றி இறக்கிப் பார்க்கிறார்கள்.

புதியவர்கள் சறுக்கும் இடமும் இதுதான். பிராம்ப்டில் ‘ஆறு பேர் சாப்பாட்டு மேசை’ என்ற பழைய வரி கிடக்கும். மாடல் சொன்னதைக் கேட்டு, முள்கரண்டி இருக்க வேண்டிய அந்தச் சின்னச் சதுரத்துக்குள் ஆறு பேர் மேசை ஒன்றைக் குட்டியாக வரைந்து வைத்துவிடும்! மறைத்த பகுதிக்கு ‘வெள்ளை விரிப்பில் ஒரு முள்கரண்டி’ என்று மட்டும் எழுத வேண்டும்.

நன்றாக வந்த ஒரு தட்டு வரிசையை வெட்டி ஆறு இடத்தில் ஒட்டிவிடலாமே என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும். அகப்பட்டுக்கொள்ளும் வழி அது. ஆறு கிளாஸிலும் ஜன்னல் வெளிச்சம் ஒரே புள்ளியில் மின்னும், ஆறு கைப்பிடியிலும் ஒரே நிழல் விழும். அழைப்பிதழைக் கையில் வாங்குபவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் ஏதோ பொம்மை மேசை என்று தோன்றிவிடும்.

அச்சுக்குப் போகும் முன் படத்தை 200 சதவீதம் பெரிதாக்கி ஒரு சுற்று வர வேண்டும். நாற்காலியையும் தட்டையும் எண்ணிச் சரிபார்ப்பது முதல் வேலை. ஒவ்வொரு கைப்பிடியையும் விரலால் தொடர்ந்து போய், அதன் தலை என்னவாக முடிகிறது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு கிளாஸ் தண்டும் ஒரே ஒரு அடித்தட்டில் இறங்குகிறதா, கத்தியின் கூர்ப்பக்கம் தட்டைப் பார்த்திருக்கிறதா என்பதும் உண்டு. ஐரோப்பிய முறையில் மேசை அமைப்பவர்கள் கூரை வெளிப்பக்கம் திருப்பி வைக்க மாட்டார்கள்.

ஒன்றில் மட்டும் நிதானம் வேண்டும். தண்ணீர் நிரம்பிய உருண்டைக் கிளாஸுக்குப் பின்னால் சற்றுத் தள்ளி ஒரு முள்கரண்டி சாய்ந்து கிடந்தால், கிளாஸ் வழியாக அது வளைந்தோ, இடவலம் மாறி எதிர்ப்பக்கம் சாய்ந்தோ தெரியும். உண்மையான மேசையிலும் அப்படித்தான், தண்ணீர் அங்கே லென்ஸ் வேலை செய்கிறது. அதைப் பிழை என்று நினைத்து அழித்து நேராக்கி, சரியாக இருந்த படத்தைக் கெடுத்தவர்களும் உண்டு.