குளியலறை மக்கின் கைப்பிடி ஏன் கீழே திறந்திருக்கிறது?

வாளியின் விளிம்பில் தொங்கும் பிளாஸ்டிக் மக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் கைப்பிடி மேலே விளிம்போடு ஒட்டியிருக்கும். கீழ்முனை எதையும் தொடாமல் நிற்கும். வாளியில் மாட்டிக்கொள்ள அது வசதிதான். ஆனால் அந்த வடிவத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. மக் பிறந்த இரும்பு அச்சுக்குள் போனால்தான் அது தெரியும்.

நான் முதன்முதலில் வரைந்த மக்கில் கைப்பிடி அப்படி இல்லை. தேநீர்க் கோப்பையில் இருப்பதுபோல இரண்டு முனைகளும் உடம்போடு ஒட்டியிருந்தன. டை செய்யும் பெரியவர் வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இந்தக் கைப்பிடி ஓட்டைக்குள்ள நிக்கிற இரும்பை நான் எந்தப் பக்கமா இழுக்கிறது?" என்னிடம் பதில் இல்லை.

இன்ஜெக்‌ஷன் மோல்டிங்கில் அச்சு இரண்டு பாதிகள். கேவிட்டி என்ற குழிந்த பாதி மக்கின் வெளிப்புறத்தைச் செதுக்குகிறது. கோர் என்ற புடைத்த பாதி உட்புறத்தைச் செதுக்குகிறது. இரண்டும் இறுக மூடியிருக்கும்போது இடைவெளிக்குள், 200 டிகிரிக்கும் மேல் உருகிய பாலிப்ரொப்பிலீன் பெரும் அழுத்தத்தில் பாய்கிறது. மக்கின் அடியில், வெளிப்புறம் நடுவே ஒரு சிறு புள்ளி தெரிந்தால், உருகிய பிளாஸ்டிக் நுழைந்த வாசல் அதுதான். உள்ளே ஓடும் தண்ணீர் அச்சைக் குளிர்விக்கிறது, பிளாஸ்டிக் இறுகுகிறது, பாதிகள் ஒரே நேர்கோட்டில் பிரிகின்றன. மக்கின் வாயிலிருந்து அடிக்குப் போகும் அந்தக் கோட்டைத் தவிர வேறு எந்தப் பக்கமும் இரும்பு நகராது. மூடிய கைப்பிடியின் ஓட்டையோ குறுக்கே போகிறது. அதற்குள் நிற்கும் இரும்பைப் பக்கவாட்டில் இழுக்கத் தனி நகரும் துண்டு வேண்டும். அச்சின் விலை ஏறும், தேயும் இடமும் ஒன்று கூடும். கைப்பிடியைக் கீழே திறந்துவிட்டால் அந்த இரும்பு கேவிட்டியிலேயே நாக்குபோல ஒட்டி நின்று, அச்சு பிரியும்போது கூடவே நேராக உருவிக்கொண்டு வந்துவிடும்.

உருவி வர வேண்டும் என்றால் சுவர்கள் செங்குத்தாக இருக்கக் கூடாது. இட்லி குழி அகலமாகத் திறந்து அடியில் குறுகுவதால்தான் இட்லி கழன்று வருகிறது. மக்கும் அப்படியே வாயில் அகன்று அடியில் குறுகும். இந்தச் சாய்வை டிராஃப்ட் என்பார்கள். பட்டறையில் 'டேப்பர்' என்ற சொல்தான் அதிகம் காதில் விழும். பொதுவாகப் பக்கத்துக்கு 1 டிகிரியாவது கொடுப்பது வழக்கம். ஆழமான பொருளுக்கும், தோல்போலச் சொரசொரப்பு வைத்த பரப்புக்கும் இன்னும் கூடுதலாக வேண்டும்.

நான் வரைந்த மக்கின் உயரம் 110 மில்லிமீட்டர். வெளிச்சுவருக்கு 2 டிகிரி கொடுத்தேன். அந்த உயரத்தில் அது பக்கத்துக்கு ஏறக்குறைய 3.8 மில்லிமீட்டர் சாய்வு. கொள்ளளவு குறையக் கூடாது என்று உட்சுவரை மட்டும் நேராக விட்டேன். அதில் இரண்டு தவறுகள் ஒன்றாக நடந்தன. அடியில் 2 மில்லிமீட்டராக இருந்த சுவர் விளிம்பில் கிட்டத்தட்ட 6 மில்லிமீட்டராகத் தடித்துப்போனது முதலாவது. இரண்டாவது அதைவிட மோசம். பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும்; பாலிப்ரொப்பிலீன் நூற்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டரை பங்குவரை சுருங்கும். சுருங்கும் மக் கேவிட்டியை விட்டுத் தானாக விலகி, விரலை மோதிரம் இறுக்குவதுபோலக் கோரைக் கவ்விக்கொள்கிறது. ஆக, சாய்வு மிகவும் தேவைப்படுவது உட்புறத்தில். அங்கேதான் நான் கொடுக்கவில்லை.

சாய்வு போதாத மக்கை அடையாளம் காண்பது எளிது. சுவரில் வாயிலிருந்து அடிவரை நீளவாக்கில் மெல்லிய கீறல்கள் ஓடியிருக்கும். தள்ளி எடுக்கும் பின்கள் அழுத்திய இடம் வெளுத்துப்போயிருக்கும். அடி மூடிய பாத்திரம் என்பதால் கோருக்கும் மக்கின் அடிக்கும் இடையே வெற்றிடம் வேறு உண்டாகி உறிஞ்சிப் பிடிக்கும். அதற்காகக் கோரின் உச்சியில் சிறு வால்வு வைத்துக் காற்றை ஊதுவார்கள். உட்புறத்துக்கும் அதே 2 டிகிரி கொடுத்தபின் சுவர் மேலிருந்து கீழ்வரை ஒரே தடிமனுக்கு வந்தது. மக்கும் கோரைவிட்டுச் சுலபமாகக் கழன்றது.

அச்சின் பாதிகள் சந்திக்கும் இடம் மக்கின் மேல் ஒரு கோடாகப் பதியும். அதுதான் பார்ட்டிங் லைன். எவ்வளவு நுணுக்கமாக இழைத்த அச்சிலும் அந்தக் கோடு இருக்கும். அதை எங்கே ஒளிப்பது என்பதுதான் வடிவமைப்பவரின் வேலை. அது எங்கே வரும் என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. அச்சு பிரியும் திசையில் விளக்கைப் பிடிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சமும் நிழலும் பிரியும் எல்லைதான் கோடு. மக்கில் அது விளிம்பின் வெளியோரம். விளிம்பை அழகுக்காக முழு உருண்டையாக வரைந்தால், கோடு உருண்டையின் மிக அகன்ற இடத்துக்கு, அதாவது கை தடவும் இடத்துக்கே இறங்கிவிடும். பாதிகள் மயிரிழை விலகிச் சேர்ந்தாலும் அங்கே ஒரு படி தட்டும். அச்சு தேயத் தேய இடுக்கில் பிளாஸ்டிக் கசிந்து, ஃப்ளாஷ் என்ற கூரான சவ்வு முளைக்கும். குழந்தையைக் குளிப்பாட்டும் பாத்திரத்தில் அதை நான் ஏற்க மாட்டேன். விளிம்பின் மேற்பக்கத்தைத் தட்டையாகவும் கைப்பிடியின் தலையை அதே மட்டத்திலும் வைத்தேன். கோடு ஏறி இறங்காமல் ஒரே தளத்தில் ஓடியது. அப்படிப்பட்ட தளத்தை இழைத்துப் பொருத்துவதும் சுலபம்.

மிச்சமிருந்தது தடிமன். கைப்பிடி உறுதியாக இருக்கட்டும் என்று அதை 4 மில்லிமீட்டர் கெட்டிப் பட்டையாக வரைந்திருந்தேன். முதல் டிரையலில் எடுத்த மக்கைச் சாய்த்துப் பார்த்தால், கைப்பிடி ஒட்டும் இடத்துக்கு நேர் பின்னால், உட்சுவரில் விரல் அழுத்தியதுபோல ஒரு பள்ளம். இதைச் சிங்க் மார்க் என்பார்கள். பிளாஸ்டிக் ஆறும் நேரம் தடிமனின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 2 மில்லிமீட்டர் சுவர் 10 நொடியில் ஆறினால் 4 மில்லிமீட்டர் பட்டைக்கு 40 நொடி வேண்டும். தோல் இறுகிய பிறகும் உள்ளே இளகியிருக்கும் பகுதி, சுருங்கும்போது சுவரை உள்நோக்கி இழுத்துவிடுகிறது. 40 நொடி காத்திருந்தால் ஒவ்வொரு மக்குக்கும் இயந்திர நேரம் வீணாகும். அழுத்தத்தைக் கூட்டினால் விளிம்பில் ஃப்ளாஷ் வரும்.

சந்திப்பு எவ்வளவு தடித்திருக்கிறது என்று அறிய, வெட்டுப்படத்தில் அந்த மூலைக்குள் அடங்கும் மிகப் பெரிய வட்டத்தை வரைந்து பார்ப்பார்கள். 2 மில்லிமீட்டர் சுவரில் 4 மில்லிமீட்டர் பட்டை சேர்ந்தால் வட்டத்தின் விட்டம் 4. பட்டைக்குப் பதில் சுவரில் அறுபது சதவீதமான 1.2 மில்லிமீட்டர் தகடு சேர்ந்தால் சுமார் 2.2 மட்டுமே. மூலையை வளைவாக்கினால் இரண்டும் கொஞ்சம் கூடும்.

கெட்டிப் பட்டையை எடுத்துவிட்டு, கைப்பிடியைக் குடைந்து வாய்க்கால் வடிவில் மாற்றினேன். மக்கைத் தொடும் இரு ஓரங்களும் 1.2 மில்லிமீட்டர். வாய்க்காலைக் குடையும் இரும்பும் கீழ்நோக்கியே உருவ வேண்டும் என்பதால் அது கீழே அகன்று மேலே ஒடுங்கியது. பிளாஸ்டிக் குறைந்தது, மடிப்பு இருப்பதால் விறைப்பு குறையவில்லை. அடுத்த டிரையலில் வந்த மக்கைப் பெரியவர் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, உட்சுவரில் வெளிச்சம் வழுக்கிப் போவதைப் பார்த்தார். கைப்பிடிக்குப் பின்னால் கட்டைவிரலை ஒருமுறை ஓட்டிவிட்டு, மக்கை என்னிடம் நீட்டினார். பள்ளம் இல்லை.