வெள்ளிக்கிழமைப் பயிர்ச்செய்கை விடுமுறை: 2022ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையின் சுருக்கம்

கமக்காரர்களே! 2022ஆம் ஆண்டில் எரிபொருட் பஞ்சமும் உணவுத் தட்டுப்பாட்டு அச்சமும் நாட்டை வருத்தியபோது, அரசாங்க உத்தியோகத்தருக்கு விடுக்கப்பட்ட சுற்றறிக்கையின் சாரம் வருமாறு:

எவருக்கு: அரசாங்கக் காரியாலய உத்தியோகத்தருக்கு. சுகாதாரம், குடிநீர், மின்சாரம் முதலிய அத்தியாவசிய சேவையாளருக்கு இது பொருந்தாது.

மாற்றம் யாது: வெள்ளிக்கிழமை விடுமுறை. வீட்டுத்தோட்டத்திலோ வேறிடத்திலோ பயிரிடுவதே அதன் நோக்கம்.

எப்பொழுது: 2022 யூன் 17 முதல், மூன்று மாதங்களுக்கென வகுக்கப்பட்டது. இன்று நடைமுறையில் இல்லை.

இதனால், அக்காரியாலயங்களை நாடிய கமக்காரர் தம் அலுவல்களை வியாழனுக்குள் முடிக்க வேண்டியதாயிற்று. மூன்று மாதத்தில் கீரையும் வெண்டியும் பலன் தரும். மிளகாயோ காய்க்கத் தொடங்குகையிலேயே தவணை முடிந்துவிடும். மேலும், கிழமைக்கொரு நாள் ஊற்றும் நீர் நாற்றுக்குப் போதாது. மற்றைய நாட்களில் வீட்டார் ஊற்றினாலன்றி அது பிழையாது.