காலோடு சாயும் நாய்

கிரேட் டேன் வளர்ப்பவர்களுக்கு இது பழகிய விஷயம். வாசலில் நின்று யாரோடாவது பேசிக்கொண்டிருப்பார்கள். நாய் வந்து பக்கவாட்டில் திரும்பி, விலாவைத் தொடையோடு ஒட்டவைத்து, மெல்ல மெல்லத் தன் பாரத்தை இறக்கும். வளர்ந்த ஆண் நாய் சுலபமாக 60 கிலோ இருக்கும். காலை அகட்டி ஊன்றாவிட்டால் தடுமாற வேண்டியதுதான். கிரேஹவுண்ட் நாய்களுக்கும் இந்தப் பழக்கம் அதிகம். நாட்டு நாய்களும் சாய்வதுண்டு, எடை குறைவாக இருப்பதால் நமக்கு உறைப்பதில்லை.

'உன்னை அடக்கப் பார்க்கிறது, இடம் கொடுக்காதே' என்று சிலர் எச்சரிப்பார்கள். 1947-ல் ருடால்ஃப் ஷென்கெல் அடைபட்ட ஓநாய்களைப் பார்த்து எழுதிய ஆய்விலிருந்து வளர்ந்த எண்ணம் இது. காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய், தந்தை, குட்டிகள் கொண்ட குடும்பம்தான், அங்கே தலைமைக்கு ஓயாத போட்டி இல்லை என்று டேவிட் மெக் பின்னாளில் விளக்கினார். சாயும் நாயை அதட்டித் தள்ளுவதற்கு நியாயமே இல்லை.

பிறந்த குட்டிக்குக் கண் திறந்திருக்காது, காதும் கேட்காது. உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளவும் முடியாது. தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் ஒட்டிக்கிடந்தே பிழைக்கிறது. உடலோடு உடல் ஒட்டினால் பத்திரம் என்பது அதற்கு அப்போதே பழகிவிடுகிறது. பிறகு நம் பங்கும் சேர்கிறது. நாய் சாய்ந்ததும் நம் கை தானாக அதன் கழுத்துக்குப் போய்விடுகிறது. சாய்ந்தால் தடவல் கிடைக்கும் என்று நாய் கற்றுக்கொள்கிறது.

பயத்திலும் இதே போலச் சாயும். தீபாவளி இரவில் கவனியுங்கள். வால் கால்களுக்கிடையே ஒடுங்கியிருக்கும், காது பின்னால் படிந்திருக்கும், வெயில் இல்லாமலே மூச்சிரைக்கும், உதட்டை நக்கிக்கொண்டே இருக்கும், உடம்பு விறைத்திருக்கும். பாசத்தில் சாயும் நாயோ தளர்ந்து நிற்கும், கண் பாதி சொருகும். பயந்த நாயை விலக்க வேண்டாம். ஆறுதல் கொடுத்தால் பயம் கூடிவிடும் என்பது தவறு. ஜன்னலைச் சாத்தி, கூடவே உட்காருங்கள்.

வயதான நாயிடம் மட்டும் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இடுப்பு மூட்டு தேய்ந்தாலோ, உள்காதுக் கோளாறால் சமநிலை தவறினாலோ, நிற்பதற்கே அதற்கு ஒரு முட்டு தேவைப்படும். நீங்கள் மெதுவாக அரையடி நகர்ந்து பாருங்கள், விழுந்தால் தாங்கக் கை தயாராக இருக்கட்டும். நலமான நாய் உடனே நான்கு காலில் நிமிரும், அல்லது உங்கள் பின்னாலேயே வந்து மறுபடி சாயும். நோயுற்ற நாய் ஒரு பக்கமாகச் சரியும்; ஆள் இல்லாத நேரத்தில் சுவரில் சாயும்; எழும்போது பின்னங்கால் வழுக்கும். இதுவரை சாயாத நாய் திடீரெனச் சாயத் தொடங்கினாலும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். சாய்வதை விட்டு, தலையைச் சுவரில் அழுத்திக்கொண்டு அசையாமல் நின்றால் அது மூளைப் பாதிப்பின் அறிகுறியாக இருக்கலாம். அன்றே அழைத்துப் போங்கள்.