காரியக் கடிதங்கள் – 11: பல கைகள், ஒரு குரல்

பொருள் வரியைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியாயிற்று. தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்கு அதைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. மன்னிப்புக் கோரும் கடிதத்தை இந்த வாரம் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் ஒரே காரியாலயத்திலிருந்து நான்கு பேர் நான்கு விதமாக மன்னிப்புக் கேட்கிறபோது, மன்னிப்பைப் பற்றிய விசாரணை பிறகுதான் வர வேண்டும். தொனி ஏன் கைக்குக் கை மாறுகிறது என்ற விசாரணையே முதலில் வர வேண்டும்.

தபாலில் புத்தகம் விற்கும் ஒரு சிறு ஸ்தாபனத்தை உதாரணமாகக் கற்பித்துக்கொள்வோம். வாசகர்களின் மின்னஞ்சல்கள் எல்லாம் ஒரே பொது முகவரிக்கு வருகின்றன. அவற்றுக்கு ஐந்து பேர் முறை வைத்துப் பதில் எழுதுகிறார்கள். மூன்று பாகங்கள் கொண்ட நாவலொன்றை வரவழைத்த வாசகர் ஒருவர், இரண்டாம் பாகம் மழையில் நனைந்து தாள்கள் ஒட்டிக்கொண்டு வந்திருப்பதைக் கண்டு, கட்டு வந்து சேர்ந்த மறுநாளே எழுதுகிறார். அன்று மாலை அவருக்கு வரும் பதில் இது: “அன்புடையீர், வணக்கம். தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றோம். ஏற்பட்ட சிரமத்திற்குப் பெரிதும் வருந்துகிறோம். தங்கள் புகார் உரிய பிரிவின் கவனத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டுள்ளது.” இரண்டு நாள் கழித்து, “ஹாய் சார், ஒரு போட்டோ அனுப்புங்க ப்ளீஸ்!! உடனே பார்த்துடறோம்” என்று மற்றொருவர் எழுதுகிறார். படத்தை அனுப்பியதும், “படம் பெறப்பட்டது. ஏழு நாட்களுக்குள் தெரிவிக்கப்படும் சேதங்கள் மட்டுமே பரிசீலிக்கப்படும்” என்று மூன்றாமவரிடமிருந்து பதில் வருகிறது. எட்டாம் நாள் நான்காமவர், “ஐயா, மாற்றுப் பிரதியை இன்று பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். பழையதைத் திருப்பி அனுப்ப வேண்டாம்” என்று முடித்துவைக்கிறார்.

இந்த நால்வரில் எவரும் அசட்டையாக எழுதவில்லை. முதலாமவர் மரியாதையை எண்ணினார். இரண்டாமவர் நெருக்கத்தை எண்ணினார். மூன்றாமவர் விதியை எண்ணினார். நான்காமவர் காரியத்தை எண்ணினார். ஆயினும் நான்கு பதில்களையும் ஒரே திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வாசிக்கிறவர் அந்த வாசகர் ஒருவர்தான். மறுநாளே எழுதிய அவருக்கு, ஏழு நாள் கெடுவைப் பற்றிய வாக்கியம் தம்மைச் சந்தேகிப்பதாகவே படும். அதற்கு முன்பு வந்த “ஹாய் சார்” என்ற குழைவு அந்தச் சந்தேகத்தை இன்னும் கூர்மையாக்கும். தனித்தனியே பார்த்தால் குற்றமில்லாத கடிதங்கள், வரிசையாக வைத்துப் பார்க்கும்போது குற்றமுடையனவாகிவிடுகின்றன. வரிசையாக வைத்துப் பார்க்கும் சந்தர்ப்பமோ எழுதுகிறவர்களுக்கு வாய்ப்பதேயில்லை. தொனி விலகுவதற்கு மூலகாரணம் இதுவே என்பது என் அபிப்பிராயம்.

இதற்குத் துணைக் காரணங்கள் இரண்டு உண்டு. புதிதாகப் பதில் எழுத உட்காருகிறவர் வெறுந்திரையிலிருந்து தொடங்குவதில்லை. தாம் முன்பு அனுப்பிய கடிதமொன்றைத் தேடியெடுத்துப் பெயரையும் தேதியையும் மாற்றிக்கொள்கிறார். இவ்வாறு ஒவ்வொருவர் கடிதமும் அவரவர் பழைய கடிதத்துக்கே வாரிசாக வளர்கிறபடியால், முதல் மாதத்தில் சிறிதாக இருந்த வித்தியாசம் ஓராண்டில் பெரிதாகிவிடுகிறது. புதிதாகச் சேர்ந்தவரோ பக்கத்து நாற்காலிக்காரரின் நடையைக் கற்றுக்கொள்கிறார். மற்றொன்று, வந்த கடிதத்தின் தொனியைப் பதில் எழுதுகிறவர் தம்மை அறியாமலே ஏற்றுக்கொள்வது. கோபமாக எழுதியவருக்கு விறைப்பான பதிலும், உல்லாசமாக எழுதியவருக்கு உல்லாசமான பதிலும் போவதற்கு இதுவே காரணம். எதிரிலிருப்பவரின் பேச்சை அனுசரித்து நம் பேச்சும் மாறுகிற இந்த இயல்பை ஹோவர்ட் கைல்ஸ் என்ற சமூக உளவியலாளர் 1970-களில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

பரிகாரத்தைத் தேடி இந்த வாரம் படித்துக்கொண்டிருந்தபோது கண்ட ஒரு சரித்திரச் செய்தியைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல விரும்புகிறேன். இத்தனை நாள் இதை அறியாமல் இத்தொடரை எழுதிவந்தோமே என்று தோன்றுமளவுக்கு அது என்னை ஆட்கொண்டுவிட்டது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகத்தில் 1883 முதல் 1915 வரை அச்சுப் பொறுப்பை வகித்தவர் ஹொரேஸ் ஹார்ட். கையால் எழுத்துக் கோத்த அந்நாளில், ஒரு நூலின் கையெழுத்துப் பிரதியைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பல கம்பாசிட்டர்களிடம் கொடுப்பார்கள். ஆங்கிலத்தில் ஒரே சொல்லை இரண்டு விதமாக எழுத இடமிருப்பதால், ஒருவர் ஒரு விதமாகவும் அடுத்தவர் வேறு விதமாகவும் கோப்பார்கள். ஒருவர் காற்புள்ளி இட்ட இடத்தை மற்றவர் வெறுமனே விட்டுவிடுவார். ஒவ்வொரு பகுதியும் தன்னளவில் பிழையற்றதாகவே இருக்கும். தைத்துக் கட்டிய பிறகுதான் முரண்பாடு வாசகன் கண்ணில் படும். நம் புத்தக விற்பனையாளர் காரியாலயத்தின் சங்கடமும் இதுவேயல்லவா?

ஹார்ட் செய்த பரிகாரம் வியக்கத்தக்க அளவுக்குச் சிறியது. இலக்கணம் கற்பிக்கவோ, நடையழகைப் பற்றி உபதேசிக்கவோ அவர் முற்படவில்லை. எங்கெங்கே இரண்டு வழிகள் உண்டோ, அங்கங்கே நம் அச்சகத்தின் வழி இது என்று தீர்மானித்து, 1893-இல் அவற்றை ஒரே ஒரு தாளில் அச்சடித்துத் தம் தொழிலாளர்களுக்குக் கொடுத்தார். வெளியாருக்கென்று அது அச்சிடப்படவில்லை. ஆண்டுதோறும் புதுப்புதுச் சந்தேகங்கள் எழ எழ அது சிறு நூலாகியது. வெளியில் அதற்கு நாட்டம் மிகுந்ததனால் 1904-இல் பதினைந்தாம் பதிப்பைப் பொதுமக்களுக்கும் விற்கலானார்கள். “ஹார்ட்டின் விதிகள்” என்ற பெயரில் அதன் வழித்தோன்றல் இன்றும் பதிப்பாளர்களின் மேசைமேல் இருக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் புகழ்பெற்ற நடைக் கையேடும் 1890-களில் அச்சுக்கோப்போருக்கான ஒற்றைத் தாளாகத் தொடங்கி, 1906-இல் நூலாக வெளிவந்ததுதான். நம் தமிழ்ப் பத்திரிகைக் காரியாலயங்களிலும், ஒற்று மிகும் இடம், வடசொல்லில் கிரந்த எழுத்து வைப்பதா விடுவதா என்பன போன்ற விஷயங்களில், மெய்ப்புத் திருத்துவோர் வாய்மொழியாக ஒரு சம்பிரதாயத்தைக் காத்து வருவதைப் பலரும் அறிவார்கள். அந்தச் சம்பிரதாயம் தாளில் ஏறாதவரையில், அதை அறிந்தவர் விடுப்பில் போகும் நாளில் இதழின் குரலும் மாறிவிடுகிறது.

ஹார்ட்டிடமிருந்து மின்னஞ்சல்காரர் கற்க வேண்டிய விசேஷம், நல்ல தொனி எது என்று ஆராயாமல், கைகள் எங்கே பிரிகின்றன என்று கண்டுபிடிப்பதே. அதற்கு வழி எளிது. அனுப்பிய பதில்களில், ஐவரும் எழுதியவையாக இருபதைத் தேர்ந்து, எழுதியவர் பெயரை மறைத்து, அச்சடித்து மேசைமேல் வரிசையாகப் பரப்பிவிடுங்கள். யார் எழுதியது என்று சக ஊழியர்கள் சுலபமாகச் சொல்லிவிடுவார்களானால், விலகல் இருக்கிறது என்பது நிச்சயம். எதைக் கண்டு சொன்னார்கள் என்று கேட்டு, அந்த இடங்களை மட்டும் கோடிட்டுக்கொண்டால், பெரும்பாலும் ஐந்தாறு இடங்களுக்கு மேல் தேறாது.

நம் உதாரணக் காரியாலயத்தில் அவ்வாறு தேறியவற்றை வைத்து ஒரு தாள் எழுதலாம். விளிப்பு, “வணக்கம்” என்ற சொல்லோடு வாசகரின் பெயர். “ஐயா”, “சார்”, “ஹாய்” மூன்றும் வேண்டாம். “தங்கள்” என்பதற்குப் பதிலாக எங்கும் “உங்கள்”. ஆனால் வினைமுற்று எழுத்து வழக்கிலேயே இருக்கட்டும், “அனுப்புங்க” என்பது கூடாது. முதல் வாக்கியத்திலேயே விடை வர வேண்டும். செய்கிறவர் யார் என்று தெரிய வேண்டும்: “கொண்டுசெல்லப்பட்டுள்ளது” என்பதை நீக்கி, “நான் கேட்டிருக்கிறேன்” என்று எழுத வேண்டும். “விரைவில்”, “உடனே” என்பவற்றுக்குப் பதில் கிழமை குறிப்பிட வேண்டும். வருத்தம் ஒரு முறை, நேர்ந்தது இன்னதென்று பெயர் சொல்லி. ஒவ்வொரு விதியின் கீழும் விலக்கிய வாக்கியமொன்றும் ஏற்ற வாக்கியமொன்றும் அருகருகே இருப்பது மிகவும் அவசியம். “நட்போடும் மரியாதையோடும் எழுதுக” என்ற விதியை நம் நால்வருமே பின்பற்றித்தான் இருந்தார்கள்.

இந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினால், முதல் இரண்டு பதில்களும் ஒன்றாகச் சுருங்கிவிடுகின்றன. வணக்கத்தையும் வாசகரின் பெயரையும் எழுதிய பின்: “இரண்டாம் பாகத்துக்கு மாற்றுப் பிரதி கிடைக்குமா என்பதைப் புதன்கிழமைக்குள் தெரிவிக்கிறேன். புத்தகம் நனைந்த நிலையில் உங்களிடம் வந்ததற்கு வருந்துகிறேன். சேதமான பக்கங்களின் படமொன்றை இந்த அஞ்சலுக்கே பதிலாக அனுப்புங்கள்.” கீழே எழுதியவர் பெயர். இதை ஐவரில் எவரும் எழுதியிருக்கலாம். அடுத்த பதிலையும் எவரும் தொடரலாம்.

மூன்றாம் கடிதத்தை மட்டும் இந்தத் தாள் திருத்திவிடாது. ஏழு நாள் கெடுவைப் பற்றிய அந்த விறைப்பு நடையிலிருந்து பிறந்ததன்று. மாற்றுப் பிரதி கொடுக்கும் அதிகாரம் தமக்கு உண்டா என்று அவருக்கே தெரியாததிலிருந்து பிறந்தது. நான்காமவருக்கு அது தெரிந்திருந்தது, ஆகவே அவர் சுருக்கமாகவும் இணக்கமாகவும் எழுதினார். விதிகளைத் தந்த பிறகும் ஒரே வகைப் புகாரில் தொனி பிரிந்துகொண்டே இருந்தால், அங்கே கொள்கை தீர்மானமாகவில்லை என்று அறிய வேண்டும். இன்ன விலை வரையில் கேளாமலே மாற்றித் தரலாம் என்று நிர்வாகி ஒரு வரி எழுதிக் கொடுத்தால், அந்தக் கடிதமும் தானே இளகிவிடும்.

இன்னும் ஓர் எச்சரிக்கை. தாள் இரண்டாம் பக்கத்துக்குப் போனால் யாரும் படிக்க மாட்டார்கள். ஆகவே அதை ஒருவர் பொறுப்பில் விட்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை இருபது கடிதங்களைப் பரப்பிப் பார்த்து, எவரும் இப்போது மீறாத விதியை எடுத்துவிட்டுப் புதிதாக முளைத்த பிரிவுக்கு இடம் தர வேண்டும். ஹார்ட்டின் தாள் நூலானதற்கு நியாயம் இருந்தது; அவரிடம் ஒரு பல்கலைக்கழகத்தின் நூல்கள் அனைத்தும் வந்தன.

மன்னிப்புக் கடிதத்தை அடுத்த இதழில் நிச்சயமாக எடுத்துக்கொள்கிறேன். அதற்குள் வாசகர்கள் தங்கள் காரியாலயத்திலிருந்து சென்ற வருத்தக் கடிதங்களில் சிலவற்றைப் பெயர் நீக்கித் தனியே எடுத்து வைத்துக்கொள்வார்களானால், நான் சொல்லப்போவதைத் தங்கள் கடிதங்களிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.