வாயில் தெரிவதும் தெரியாததும்

வங்கியில் வேலை பார்க்கும் நாற்பது வயதுக்காரர் ஒருவர் கடைவாய்ப் பல் வலிக்கிறது என்று பல் டாக்டரிடம் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாயைத் திறந்தால் அண்ணத்திலும் உள்கன்னத்திலும் தயிர்த் திப்பிபோல வெள்ளைப் படலம். டாக்டர் காஸ் துணியால் அழுத்தித் துடைக்கிறார். படலம் உரிந்து வருகிறது. அடியில் சிவந்த தோல், ஓரிரு இடத்தில் ரத்தப் பொட்டு. இது கேண்டிடா என்ற பூஞ்சை. நம்மில் பலர் வாயில் சத்தமில்லாமல் குடியிருப்பதுதான். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தளர்ந்தால் தலைதூக்கும்.

அடுத்து டாக்டர் சில கேள்விகள் கேட்பார். சர்க்கரை இருக்கிறதா? ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுத்துவிட்டு வாய் கொப்பளிக்காமல் இருக்கிறீர்களா? சமீபத்தில் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டீர்களா? பல் செட்டைக் கழற்றாமல் தூங்குகிறீர்களா? எல்லாவற்றுக்கும் இல்லை என்று பதில் வந்தால், எதிர்ப்புச் சக்தி ஏன் குறைந்தது என்று தேட வேண்டியதுதான்.

இப்போது நாக்கு நுனியைக் காஸால் பிடித்து மெல்லப் பக்கவாட்டில் இழுத்துப் பார்க்கிறார். ஓரத்தில் மேலும் கீழுமாக வரிவரியாய் வெள்ளை மடிப்புகள். துடைத்தாலும் போகவில்லை, வலியும் இல்லை. 'ஹேரி லூக்கோபிளேக்கியா' என்பார்கள். பெரியவர்களில் பெரும்பாலானோர் உடம்பில் உறங்கிக்கிடக்கும் எப்ஸ்டீன்-பார் வைரஸின் வேலை. 1984இல் சான்பிரான்சிஸ்கோவில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. இது புற்றுநோயாக மாறுவதில்லை. தனி சிகிச்சையும் பெரும்பாலும் தேவைப்படாது. ஆனால் புகையிலை போடுபவர்களுக்கும் துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டு வரும். அது புற்றுநோயாகக்கூடும் என்பதால் சந்தேகம் இருந்தால் சிறு துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டும்.

இவ்வளவு பார்த்த பிறகும் அவருக்கு எச்.ஐ.வி. என்று வாயை வைத்து முடிவுகட்ட முடியாது. ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் ஆலோசனையோடு இலவசமாகச் செய்கிறார்கள். 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் சம்மதம் இல்லாமல் சோதிக்கக் கூடாது. தொற்று உறுதியானால் பூஞ்சைக்கு மட்டும் மாத்திரை கொடுத்து அனுப்பினால் போதாது. கூட்டு மருந்து தொடங்காவிட்டால் படலம் திரும்பத் திரும்ப வரும்.

கவனிக்க வேண்டியது, இந்த அடையாளங்கள் வருவது எப்போது என்பதுதான். ஆரோக்கியமானவருக்கு ஒரு கனமில்லிமீட்டர் ரத்தத்தில் சி.டி.4 அணுக்கள் ஏறக்குறைய 500க்கு மேல் இருக்கும். அது 200க்குக் கீழே இறங்கும்போதுதான் வாயில் இவை அதிகம் தென்படுகின்றன. தொற்று ஏற்பட்டு அந்த நிலை வருவதற்குப் பல வருடங்கள் ஆகலாம். அதுவரை வாய் பளிச்சென்று இருக்கும். மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுபவர்களின் வாயும் அப்படித்தான். ஹெபடைடிஸ் பி உள்ளவருக்கோ வாயில் பொதுவாக எதுவுமே தெரியாது. ஆனால் ஊசி குத்தினால் அதுதான் சுலபமாகத் தொற்றும்: எச்.ஐ.வி.க்கு வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம், தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி 6 முதல் 30 சதவீதம் வரை.

பல் பிடுங்குவதற்கு முன் எல்லோருக்கும் டெஸ்ட் எடுத்துவிடலாமே என்று சில இடங்களில் செய்கிறார்கள். தொற்றிய முதல் சில வாரங்களில் ரிசல்ட் 'இல்லை' என்றே வரலாம். அந்தத் தாளை நம்பிக் கையுறையில் அசட்டையாக இருப்பது டெஸ்ட்டே எடுக்காததைவிட மோசம். அமெரிக்காவின் சி.டி.சி.யும் முதலில் தொற்று தெரிந்தவர்களுக்கு மட்டும் என்றுதான் முன்னெச்சரிக்கையை வகுத்தது. 1980களின் நடுவில் எச்.ஐ.வி. பரவியபோது அது எல்லா நோயாளிகளுக்கும் என்று மாறியது.

கிளினிக்கில் இது எங்கே சறுக்கும்? பெரும்பாலும் ஹேண்ட்பீஸில். பல்லைக் குடையும் அந்தக் கருவி சுழன்று நிற்கும் நொடியில் எச்சிலையும் ரத்தத்தையும் உள்ளே உறிஞ்சிக்கொள்ளலாம். வெளியே ஸ்பிரிட்டால் துடைத்தால் உள்ளே இருப்பது போகாது. ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் ஆட்டோகிளேவில் போட வேண்டும்: 121 டிகிரி நீராவி, 15 பவுண்டு அழுத்தம், உறையில் போட்டது என்றால் அரை மணி நேரம். உறையின் மேல் கோடு கறுத்திருந்தால் சூடு பட்டது என்று மட்டுமே பொருள். கிருமி செத்ததா என்பதை ஸ்போர் டெஸ்ட்தான் காட்டும். அந்தச் சுற்று மிகக் கடினமான ஸ்போர்களையே கொல்லும், எச்.ஐ.வி. அதற்கு முன் ஒன்றுமேயில்லை.

அதனால்தான் எச்.ஐ.வி. என்று தெரிந்தவரைக் கடைசியாக வரச் சொல்லி, இரட்டைக் கையுறை போட்டுக்கொள்ளும் கிளினிக்கைப் பார்த்தால் எனக்கு ஒரு சந்தேகம் வரும்: அவருக்கு முன்னால் வந்தவர்களுக்கு என்ன செய்தார்கள்?

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஊசி குத்திவிடலாம். மூடியைப் போடும்போதுதான் அதிகம் நடக்கும். அதனால் மூடியைத் தட்டில் வைத்து ஒற்றைக் கையால் கோர்த்தெடுப்பார்கள். குத்தினால் விரலைப் பிசையவோ வாயில் வைக்கவோ கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். தடுப்பு மருந்து வேண்டும் என்று டாக்டர் சொன்னால் முடிந்தவரை 2 மணி நேரத்துக்குள், தாமதித்தால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும்.